வேதபகுதியின் போக்குக்கு ஏற்ற பிரசங்க வரைவு: விதிவிளக்கம், விதிவரு, கதைப்போக்கு ஆகிய மூன்று முறைகள்

சபையில் முதன்முறையாகப் பிரசங்கிக்க அழைக்கப்படுகிறவர் பெரும்பாலும் ஒரே ஒரு வரைவு முறையைத்தான் பார்த்திருப்பார். தலைப்பு ஒன்று, அதன்கீழ் மூன்று குறிப்புகள், குறிப்பு ஒவ்வொன்றும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதே அந்த முறை. எனக்கும் அதுவே முதலில் தெரிந்தது. மாற்கு 4:35-41 பகுதியில், இயேசு கடலை அமர்த்திய சம்பவத்திற்கு, நான் முதலில் எழுதிய வரைவு இன்னும் நினைவில் இருக்கிறது: அழைப்பு, அலை, அதட்டல், அமைதல். நான்கும் அகரத்தில் தொடங்கியதால் அன்று எனக்கு மிகுந்த திருப்தி. ஆனால் அந்த நான்கு சொற்களும் சம்பவத்தில் நடந்தவற்றின் பட்டியலே அன்றி, பகுதி எதைச் சொல்கிறது என்பதைத் தெரிவிக்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது மூதாட்டி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு குறிப்பும் ஞாபகம் இருக்குதுய்யா, ஆனா அவங்க கடைசியில ஏன் பயந்தாங்கன்னு சொல்லவேயில்லையே" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என் குறிப்புத்தாளில் பதில் இல்லை.

அந்தக் கேள்வியை மையமாக வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வரைவு முறையைப் பிரசங்கியாரின் பழக்கம் தீர்மானிக்கக் கூடாது. பகுதி தன் கருத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதை முதலிலும், அந்தக் கருத்தைக் குறித்துச் சபையார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை அடுத்தும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்று முறைகளும் எவை

ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு விதிவிளக்க முறை, விதிவருமுறை என்ற சொற்கள் பழக்கமானவை. இலக்கண விதியை முதலில் சொல்லிவிட்டு எடுத்துக்காட்டுகளால் விளக்குவது விதிவிளக்க முறை. எடுத்துக்காட்டுகளைக் கரும்பலகையில் எழுதி, அவற்றிலிருந்து விதியை மாணவரே கண்டுபிடிக்கும்படி நடத்துவது விதிவருமுறை. பிரசங்கத்திலும் இதே வேறுபாடுதான். விதிவிளக்கப் பிரசங்கத்தில் மையக்கருத்து முதல் சில நிமிடங்களிலேயே சொல்லப்பட்டுவிடும். பிறகு வருகிறதெல்லாம் அதன் விளக்கமும் ஆதாரமும் நடைமுறையும் ஆகும். விதிவருப் பிரசங்கத்தில் சபையார் தங்களுக்குத் தெரிந்த அனுபவத்திலிருந்தும் கேள்வியிலிருந்தும் புறப்பட்டு, பகுதியின் துணையோடு நடந்து, முடிவில் மையக்கருத்தை வந்தடைவார்கள்.

கதைப்போக்கு முறை இவ்விரண்டிலிருந்தும் ஒரு விதத்தில் வேறுபட்டது. இதைக் கதை சொல்லும் பிரசங்கம் என்று புரிந்துகொள்வது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. வழிநெடுகக் கதைகளைச் சொல்லும் பிரசங்கம் விதிவிளக்க முறையில் அமைந்திருக்கலாம். வெளிக்கதை ஒன்றுகூட இல்லாத பிரசங்கம் கதைப்போக்கில் அமைந்திருக்கலாம். ஒரு நிலை குலைவது, குலைவு ஆழமாவது, எதிர்பாராத இடத்தில் ஒரு திறவுகோல் கிடைப்பது, அதனால் எல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரிவது என்ற ஓட்டமே இந்த முறையின் எலும்பு. அமெரிக்க மெதடிஸ்ட் போதகரும் ஆசிரியருமான யூஜின் லவுரி 1980-இல் இதை ஐந்து கட்டங்களாக வகுத்தார்: சமநிலையைக் குலைத்தல், முரணை ஆராய்தல், தீர்வின் திறவுகோலைக் காட்டுதல், நற்செய்தியை அனுபவித்தல், இனி நடக்கப்போவதை எதிர்நோக்குதல். விதிவரு முறையைப் பிரசங்க வகுப்புகளில் பேசுபொருளாக்கியவர் ஃப்ரெட் கிராடக். பிரசங்கியார் தம் அறையில் பகுதியைத் துருவித் துருவி ஒரு முடிவை அடைகிறார். மேடையிலோ அந்த முடிவிலிருந்து தொடங்கிவிடுகிறார். தாம் நடந்த அந்த வழியில் சபையாரையும் ஏன் நடத்திச் செல்லக் கூடாது என்பதே 1971-இல் வெளியான அவருடைய நூலின் மையக் கேள்வி.

முதல் படி: மையவாக்கியத்தை எழுதுதல்

எந்த முறையைத் தேர்ந்தாலும் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. பகுதியை ஐந்தாறு முறை உரக்க வாசித்தபின், அது எதைக் குறித்துப் பேசுகிறது, அதைக் குறித்து என்ன சொல்கிறது என்ற இரண்டையும் இணைத்து ஒரே முழு வாக்கியமாக எழுத வேண்டும். "விசுவாசம்" என்று எழுதினால் அது தலைப்பு, வாக்கியமன்று. "புயலில் இயேசு" என்பதும் அப்படியே. எழுவாயும் பயனிலையும் உள்ள வாக்கியமாக எழுதும்வரை வரைவைத் தொடங்கக் கூடாது. விதிவரு முறையிலும் கதைப்போக்கிலும் இந்த வாக்கியம் கடைசியில்தானே வரப்போகிறது என்று இதைத் தள்ளிவைக்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்த பிரசங்கம் நடுவழியில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் திரும்பத் திரும்பச் சுற்றிவரும். சபையாருக்கு முடிவு மறைவாக இருக்கலாம். பிரசங்கியாருக்கு மறைவாக இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: கருத்து எங்கே இருக்கிறது என்று தேடுதல்

பென்சிலை எடுத்து, மையவாக்கியத்திற்கு மிக அருகில் இருக்கும் வசனம் எதுவோ அதன் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். கோடு பகுதியின் தொடக்கத்தில் விழுந்து, அடுத்துவரும் வசனங்களில் "ஆகையால்", "ஏனெனில்", "-படியால்" போன்ற இணைப்புச் சொற்கள் நிறைந்திருந்தால், பகுதி விதிவிளக்கமாக நடக்கிறது என்று அறியலாம். பவுலின் நிருபங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. பேசுகிறவர் குழப்பத்தில் தொடங்கி, ஒரு திருப்பத்தைக் கடந்து, கடைசியில் தெளிவுக்கு வருகிறார் என்றால் அது விதிவரு நடை. புலம்பல் சங்கீதங்களிலும் ஆபகூக்கிலும் இதைக் காணலாம். எந்த வசனத்தின் பக்கத்திலும் கோடு போட முடியாமல், கருத்து பாத்திரங்களின் செயலிலும் பேச்சிலும் கலந்திருக்கிறது என்றால், பகுதி கதைப்போக்கைக் கேட்கிறது.

இது முடிந்த முடிவல்ல, தொடக்கக் குறிப்புதான். ஆனாலும் பத்துப் பகுதிகளில் இதைச் செய்து பார்த்தால் பழக்கத்தின் பிடி தளரும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பகுதியை எடுத்து, வரைவை எப்படி அமைக்கலாம் என்று பார்க்கலாம். மூன்றுக்கும் 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

விதிவிளக்கம்: ரோமர் 5:1-5

இங்கே கோடு முதல் வசனத்திலேயே விழுகிறது: "நாம் விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டிருக்கிறபடியால், நம்முடைய கர்த்தராகிய இயேசுகிறிஸ்து மூலமாய் தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்." அடுத்த நான்கு வசனங்களும் இந்த ஒரு கூற்றின் விரிவு. எனவே மையவாக்கியத்தை மூன்றாம் நிமிடத்திற்குள் சொல்லிவிடலாம்: விசுவாசத்தினால் நீதிமான்களாக்கப்பட்டவர்கள் தேவனோடு சமாதானத்தில் நிற்கிறார்கள், உபத்திரவம் அந்த நிலையைக் குலைப்பதில்லை.

அதன்கீழ் வரும் குறிப்புகளை ஒற்றைச் சொற்களாக எழுதாமல் முழு வாக்கியங்களாக எழுத வேண்டும். முதலாவது, இந்தச் சமாதானம் நம் உள்ளத்தில் ஏறி இறங்கும் உணர்வு அல்ல, தேவனுக்கும் நமக்கும் இடையில் முடிந்த காரியம் (1-ஆம் வசனம்). இரண்டாவது, நாம் கிருபைக்குள் எட்டிப்பார்க்கிறவர்களாக அல்ல, அதில் நிலைகொண்டவர்களாக இருக்கிறோம் (2-ஆம் வசனம்). மூன்றாவது, உபத்திரவம் இதற்கு எதிர்ச்சாட்சி அல்ல, நம்பிக்கையை விளைவிக்கும் நிலமாகிறது (3-5 வசனங்கள்). மூன்றாம் குறிப்பிலேதான் சபையாரின் ஆட்சேபம் எழும் என்பதால், நிமிடங்களைச் சமமாகப் பங்கிடாமல், முதல் இரண்டிற்கும் ஐந்தைந்து நிமிடமும் மூன்றாவதற்குப் பத்து நிமிடமும் கொடுக்கலாம். நான்காம் வசனத்தில் வரும் "பரீட்சை" என்ற சொல் இன்றைய காதில் பள்ளித்தேர்வாகவே விழும். புடமிட்ட பொன்னைப்போலச் சோதித்து உறுதியான தன்மை என்று அதை விளக்காவிட்டால், உபத்திரவம், பொறுமை, பரீட்சை, நம்பிக்கை என்ற சங்கிலி நடுவில் அறுந்துவிடும்.

இந்த முறையின் நோய் எல்லோருக்கும் தெரிந்ததே. முடிவு மூன்றாம் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டதால், மீதி நேரம் சபையார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இதற்கு மருந்து, ஒவ்வொரு குறிப்பும் சபையார் மனதில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதிலாக அமைவது. அமெரிக்கப் பிரசங்க ஆசிரியர் ஹேடன் ராபின்சன் எந்த மையக்கருத்தையும் மூன்று கேள்விகளால் விரித்தெடுக்கக் கற்பித்தார்: இதற்கு என்ன பொருள், இது உண்மைதானா, இதனால் நடப்பில் என்ன மாறும். மேலே உள்ள வரைவில் முதல் குறிப்பு பொருளையும், மூன்றாவது உண்மைதானா என்பதையும் எதிர்கொள்கின்றன. உங்கள் மூன்று குறிப்புகளும் ஒரே கேள்விக்கே பதில் சொல்கின்றன என்றால், அவை ஒரே கருத்தின் மூன்று பெயர்கள்தாம்.

விதிவரு முறை: சங்கீதம் 73

ஆசாபின் இந்தச் சங்கீதம் புதியவர்களை ஏமாற்றும். கோடு போடச் சொன்னால் உடனே முதல் வசனத்தில் போடுவார்கள்: "சுத்த இருதயமுள்ளவர்களாகிய இஸ்ரவேலருக்கு தேவன் நல்லவராகவே இருக்கிறார்." அப்படியானால் இது விதிவிளக்கம்தானே என்று தோன்றும். ஆனால் அடுத்த சொல்லே "ஆனாலும்". இரண்டாம் வசனத்திலிருந்து 14-ஆம் வசனம் வரை அந்த முதல் வாக்கியத்தை அசைத்துப் பார்க்கும் குமுறலே ஓடுகிறது. துன்மார்க்கர் வாழ்ந்து செழிக்கிறார்கள், நானோ விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன் என்கிறார். திருப்பம் 17-ஆம் வசனத்தில், பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்தபோது வருகிறது. 28-ஆம் வசனத்தில் அவர் வந்து சேரும் இடம்: "எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்." முதல் வசனத்தில் "நல்லவர்" என்றும் கடைசி வசனத்தில் "நலம்" என்றும் மொழிபெயர்க்கப்பட்டிருப்பது எபிரேயத்தில் ஒரே சொல். தொடக்கத்தில் அந்தச் சொல் கேட்டுப் பழகிய அறிக்கை. முடிவில் அதுவே ஒருவர் வழுக்கி விழப்போய்த் தப்பியபின் சொல்லும் சொல். சொல் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. இந்த மாற்றமே பிரசங்கம் என்பதால், அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சொல்வதற்கு வேறொன்றும் மிஞ்சாது.

வரைவு இப்படி அமையலாம். முதல் ஐந்து நிமிடம், சபையார் தங்கள் தெருவிலும் வேலையிடத்திலும் கண்ட ஒரே ஒரு காட்சியோடு தொடங்குங்கள்: கையூட்டு வாங்கியவர் வீட்டில் மாடி எழும்புகிறது, வாங்க மறுத்தவர் இடமாற்றத்தில் அலைகிறார். முதல் வசனத்தை இந்தக் கட்டத்தில் வாசித்து, இது இந்தக் காட்சியோடு பொருந்துகிறதா என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் விடுங்கள். அடுத்த எட்டு நிமிடம் 3 முதல் 14 வரையுள்ள வசனங்களில், ஆசாபு நம்மைவிடத் துணிந்து பேசுகிறார் என்பதைக் காட்டுங்கள். 15-ஆம் வசனத்தில் ஒரு சிறு தடை வருகிறது. இப்படியே பேசிக்கொண்டு போனால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்று அவர் தம் வாயைக் கட்டுகிறார். இதை அவசரமாகக் கடக்கக் கூடாது; திருப்பத்திற்கு முன் நிற்கும் படி அதுதான். பிறகு 17-ஆம் வசனம். அங்கே அவர் துன்மார்க்கரின் முடிவைக் காண்கிறார். ஆனால் பிரசங்கம் அதோடு நின்றால் "அவர்களுக்கு இருக்கிறது" என்ற பழிதீர்க்கும் திருப்தியே மிஞ்சும். சங்கீதமோ 23-ஆம் வசனத்துக்கு நகர்கிறது: நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன், என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர். பொறாமைக்குத் தீர்வு மற்றவரின் வீழ்ச்சியில் இல்லை, பிடித்திருக்கும் கையில் இருக்கிறது. இந்த இடத்தில் மையவாக்கியத்தை முதன்முறையாக, மெதுவாக, ஒரே முறை சொல்லலாம்.

விதிவருப் பிரசங்கம் கெட்டுப்போவது பெரும்பாலும் நேரக்கணக்கில்தான். கேள்வியை உயிரோட்டமாக எழுப்புவதில் இருபது நிமிடம் போய்விடும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதிலை இரண்டு நிமிடத்தில் அடைத்துத் திணிப்போம். சபையார் கேள்வியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். 25 நிமிடப் பிரசங்கத்தில் திருப்பம் 15-ஆம் நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று குறிப்புத்தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு இடைஞ்சலும் உண்டு. நம் ஆராதனைகளில் பாதிப்பேர் பிரசங்கம் தொடங்கியபின் வந்து அமர்கிறார்கள். விதிவிளக்கத்தில் அவர்களுக்குப் பெரிய இழப்பில்லை. விதிவருவில் நடுவில் வந்து உட்காருகிறவருக்கு ஆசாபின் குமுறல் பிரசங்கியாரின் போதனையாகவே காதில் விழும். "ஆசாபு இன்னும் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகவில்லை" என்று இடையில் இரண்டு முறை நினைவூட்டினால் இந்த விபத்தைத் தவிர்க்கலாம். வரிக்கு வரி மொழிபெயர்ப்பாளர் நிற்கும் கூட்டங்களில் இந்த முறை இன்னும் கடினம். நேரம் இரட்டிப்பாகிறது, ஓட்டமும் துண்டுபடுகிறது. அங்கே நான் விதிவிளக்கத்துக்கே மாறிவிடுவேன்.

கதைப்போக்கு: மாற்கு 4:35-41

மூதாட்டியின் கேள்விக்கு வருவோம். ஏழு வசனங்களில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சீஷர்கள் கேட்பது, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" இயேசு கேட்பது, "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்? ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று?" கடைசியாகச் சீஷர்கள் ஒருவரோடொருவர், "இவர் யாரோ?" இந்தக் கடைசிக் கேள்விக்குப் பகுதியில் பதில் இல்லை, மாற்கு அப்படியே விட்டுவிட்டு அக்கரைக்குப் போய்விடுகிறார். கோடு போட வசனம் கிடைக்காத பகுதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "பலத்த" சுழல்காற்று, "மிகுந்த" அமைதல், "மிகவும்" பயந்து என்று தமிழில் மூன்று விதமாக வரும் சொல் கிரேக்கத்தில் ஒரே சொல்லே. பெருங்காற்று, பேரமைதி, பெரும்பயம் என்று மாற்கு அடுக்குகிறார். சீஷர்கள் பயந்தார்கள் என்று கதைசொல்லியாக அவர் சொல்வது காற்று நின்றபின்தான். புயலைவிடப் பெரிய ஒன்று தங்கள் படவிலேயே இருக்கிறது என்று கண்டபோதுதான் அந்தப் பெரும்பயம். திறவுகோல் இங்கே இருக்கிறது.

இதே பகுதியை மற்ற இரு முறைகளிலும் வைத்துப் பார்த்தால் இழப்பு தெரியும். விதிவிளக்கமாக எழுதினால் மையவாக்கியம் வழக்கமாக இப்படித்தான் வரும்: இயேசு உடனிருந்தால் படவு மூழ்காது. மூன்று குறிப்புகளும் ஆறுதலாக அமையும். ஆனால் அது பகுதி சொல்லும் கருத்தன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்து, கடலுக்குப் போன பலர் திரும்பாத கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைச் சபை ஒன்றில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். கணவரும் மகனும் ஜெபம்பண்ணிவிட்டுத்தான் கடலில் இறங்கினார்கள் என்று அறிந்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். வரைவு முறையின் தவறு இங்கே போதனையின் தவறாக மாறுகிறது. விதிவருவாக எழுதினால் நிலைமை சற்றுத் தேறும்; நம் பயங்களில் தொடங்கி "இவர் யாரோ" என்பதில் முடிக்கலாம். எனினும் அந்த முறை ஒரு முடிவான வாக்கியத்தில் வந்து நிற்க விரும்புகிறது. கேள்வியில் முடிகிற பகுதிக்கு அது பதிலை ஒட்டவைத்துவிடும்.

கதைப்போக்கில் வரைவு இப்படி வரும். குலைவுக்கு நான்கு நிமிடம்: "அக்கரைக்குப் போவோம் வாருங்கள்" என்றவர் இயேசுவே. சீஷர்கள் கீழ்ப்படியாமையால் புயலில் சிக்கவில்லை, கீழ்ப்படிந்ததால் சிக்கினார்கள். முரணை ஆழமாக்குவதற்கு எட்டு நிமிடம்: படவு நிரம்புகிறது, அவர் பின்னணியத்தில் தலையணைமேல் நித்திரையாயிருக்கிறார். "உமக்குக் கவலையில்லையா" என்ற கேள்வியைச் சபையார் தங்கள் இழப்புகளோடு கேட்கட்டும். அதை மழுப்பக் கூடாது, அதற்காகச் சீஷர்களைத் திட்டவும் கூடாது. திறவுகோலுக்கு ஐந்து நிமிடம்: அவர் எழுந்து கடலைப் பார்த்து "இரையாதே, அமைதலாயிரு" என்கிறார், காற்று நிற்கிறது, அப்போதுதான் பெரும்பயம். ஏன்? கடலின் கொந்தளிப்பை அமர்த்துகிறவர் கர்த்தர் என்று 107-ஆம் சங்கீதத்தைப் பாடி வளர்ந்தவர்கள் அவர்கள். நற்செய்திக்கு ஐந்து நிமிடம்: கவலையில்லையோ என்று நாம் சந்தேகித்தவர் நம்மோடு அதே படவில், அதே தண்ணீரில் நனைந்து, களைத்துத் தூங்கியவர், அவரே கடலுக்குக் கட்டளையிடுகிறவர். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது, எல்லாப் படவும் கரை சேரும் என்று வாக்குக் கொடுக்காமலேயே நற்செய்தியைச் சொல்ல முடிகிறது. கடைசி மூன்று நிமிடம் கேள்விக்கு.

ஒரு எச்சரிக்கை. கதைப்போக்கில் பகுதியின் வரிசையை மாற்றக் கூடாது. ஒரே சம்பவத்தைச் சொல்லும் இரண்டு சுவிசேஷங்களைக் கலக்கவும் கூடாது. மத்தேயு 8:26-இல் இயேசு முதலில் சீஷர்களைக் கடிந்துகொண்டு, பிறகு காற்றை அதட்டுகிறார். மாற்கிலோ காற்று நின்றபின் கேள்வி கேட்கிறார். மத்தேயுவின் "அற்பவிசுவாசிகளே" என்ற சொல்லை மாற்கின் ஓட்டத்துக்குள் கொண்டுவந்தால் திருப்பம் இடம்மாறிப்போகும். கற்பனையாக உரையாடல்களைச் சேர்ப்பதும் அப்படித்தான். பேதுருவின் வாயில் நாம் எழுதிய வசனத்தைச் சபையார் நினைவில் வைத்துக்கொண்டு, மாற்கு எழுதியதை மறந்துவிடுவார்கள்.

மூன்றாம் படி: சபையார் எங்கே நிற்கிறார்கள்

பகுதி ஒன்றைக் கேட்டாலும் சபையாரின் நிலை வேறொன்றைக் கேட்கலாம். சபையார் கருத்தை ஏற்றுக்கொண்டவர்கள், ஆனால் தெளிவாக அறியாதவர்கள் என்றால், விதிவிளக்கம் அவர்களுக்குச் செய்யும் உதவியை வேறெதுவும் செய்யாது. ஞானஸ்நான வகுப்பிலும் திடப்படுத்தல் வகுப்பிலும் நான் வேறு முறையை முயல்வதில்லை. கருத்துக்கு எதிராக நிற்பவர்கள் என்றால், முதல் நிமிடத்தில் அதைச் சொல்வது கதவைச் சாத்திவிடும். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, "இதென்னமாய் முடியுமோ" என்று திகைத்த கூட்டத்தின் கேள்வியிலிருந்தே தொடங்கினார். யோவேலையும் தாவீதையும் கடந்து, "நீங்கள் சிலுவையில் அறைந்த இந்த இயேசுவையே தேவன் ஆண்டவரும் கிறிஸ்துவுமாக்கினார்" என்ற குற்றச்சாட்டும் நற்செய்தியும் கலந்த வாக்கியத்தை அப்போஸ்தலர் 2:36-இல்தான், பிரசங்கத்தின் கடைசியில், முழுமையாக வைத்தார். பகுதியை நன்றாக அறிந்து சலித்துப்போனவர்கள் என்றால் கதைப்போக்கு உதவும். தெரிந்த கதையில் தெரியாத திருப்பம் ஒன்று இருக்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

பகுதியும் சபையாரும் முரண்பட்டால் எதற்கு முதலிடம் என்று கேட்பார்கள். நான் பகுதியின் பக்கம் சாய்வேன். சபையாருக்காகத் தொடக்கத்தை மட்டும் மாற்றுவேன். ரோமர் 5-ஐ எதிர்ப்புள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், ஆட்சேபத்தை முதல் ஐந்து நிமிடம் நியாயமாக எடுத்துவைத்துவிட்டு, பிறகு விதிவிளக்கத்துக்குள் போகலாம்.

நான்காம் படி: சனிக்கிழமைச் சோதனை

வரைவு முடிந்ததும் அதன் பகுதிகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதி, மேசைமேல் வரிசையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். விதிவிளக்க வரைவில் சில சமயம் இரண்டாம் குறிப்பும் மூன்றாம் குறிப்பும் இடம் மாறினாலும் பிரசங்கம் நிற்கும், அதில் குறையில்லை. விதிவரு வரைவில் சீட்டுகளை மாற்றியும் பொருள் குலையவில்லை என்றால், நீங்கள் எழுதியிருப்பது விதிவரு வரைவன்று, முடிவைக் கடைசிக்குத் தள்ளிய பட்டியல். கதைப்போக்கில் திறவுகோல் சீட்டை எடுத்து ஒளித்துவிட்டு மீதியை வாசியுங்கள். அது இல்லாமலேயே முடிவு இயல்பாக வந்துவிட்டால், நீங்கள் சம்பவத்தைத் திரும்பச் சொல்லியிருக்கிறீர்கள், அதைப் பிரசங்கிக்கவில்லை. என் பழைய "அழைப்பு, அலை, அதட்டல், அமைதல்" வரைவை இப்படிச் சோதித்துப் பார்த்தேன். ஒளிக்கவேண்டிய சீட்டே அதில் இல்லை. நாற்பத்தொன்றாம் வசனம் எந்தச் சீட்டிலும் வரவில்லை.